ஆய்வுச் சிக்கலும் ஆய்வின் தேவையும்: தளி, கெலமங்கலம் ஒன்றிய நடுநிலைப் பள்ளிகளில் வகுப்பறைத் தொழில்நுட்பம்

ஆய்வுச் சிக்கல்

பாடநூலில் க்யூஆர் குறியீடு, பள்ளியில் ஹைடெக் லேப், 2019 முதல் கல்வித் தொலைக்காட்சி என்று எல்லாம் வந்துவிட்டன. எத்தனை கருவிகள் என்பதை இருப்புப் பதிவேடு சொல்லும். பாடத்துக்கு அவை என்ன செய்தன என்பதைச் சொல்லாது. முன்னோட்டமாகப் பார்த்த ஏழாம் வகுப்பு அறிவியல் பாடவேளையில், ஒளி எதிரொளிப்புக் காணொளியை ஆசிரியர் பாதியில் நிறுத்தினார். திரையிலிருந்த வரையறையைக் கரும்பலகையில் எழுதிப்போட்டு, நோட்டில் எழுதச் சொன்னார். வீட்டில் தெலுங்கும் கன்னடமும் பேசும் பிள்ளைகளுக்குக் காணொளித் தமிழின் வேகம் பிடிபடவில்லை என்பது அவர் தந்த விளக்கம். அவர் செய்தது தயக்கமா, தேர்ந்த கற்பித்தல் முடிவா? இந்த ஆய்வின் மையக் கேள்வி இதுவே.

ஆய்வின் தேவை

"பயன்படுத்துகிறீர்களா?" என்று கேட்கும் வினாநிரலில் அந்த வகுப்பு வெறும் "ஆம்" ஆகிவிடும். எனவே வகுப்பறை உற்றுநோக்கலும் ஆசிரியர் நேர்காணலும் முதன்மைக் கருவிகள். மிஷ்ரா, கோலர் 2006-இல் முன்வைத்த டிபேக் சட்டகம் பாடம், கற்பித்தல், தொழில்நுட்பம் ஆகிய மூன்று அறிவையும் இணைத்துப் பார்க்கிறது; மாணவரின் வீட்டுமொழியை அதில் தனிக்கூறாகச் சேர்த்துப் பார்ப்பது அவசியம். ஓசூரை ஒட்டிய இந்த எல்லைப்புற ஒன்றியங்கள் அதற்குப் பொருத்தமான களம். இணைய வேகத்தை இந்த ஆய்வு அளக்கப்போவதில்லை.