தெற்கு டம்ப் மேடு: மண் மூடி, காரம் தணித்து, பசுமை கொண்டுவரும் திட்டம்

சுரங்க மேலாளர், சர்வேயர், நர்சரிப் பொறுப்பாளர், கிராமக் குழுவினர் எல்லோரும் வேலை தொடங்கும் முன் ஒருமுறை முழுதாகப் படிக்கவேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

மேடு இப்போது எப்படி இருக்கிறது

உயரம் 18 மீட்டர். ஒரு பக்கம் பழைய குழியின் விளிம்பில் சாய்ந்திருக்கிறது. திறந்த பக்கத்தின் நீளம் சுமார் 300 மீட்டர். உச்சித் தளம் 0.8 ஹெக்டேர். லாரியிலிருந்து கொட்டியது கொட்டியபடியே நிற்பதால் சரிவு 36 முதல் 38 டிகிரி வரை இருக்கிறது. போன ஐப்பசி மழையில் கிழக்குப் பக்கம் ஆள் இறங்கி நிற்கும் ஆழத்துக்கு ஓடை அறுத்துவிட்டது. அந்தச் சேறுதான் கீழே சோளக்காட்டில் வெள்ளையாகப் படிந்தது.

மேட்டில் இருப்பது வெள்ளைக்கல் எடுத்தபின் தள்ளிய டூனைட் பாறையும் பொடியும். பன்னிரண்டு இடத்தில் மண் எடுத்து, ஒரு பங்கு மண்ணுக்கு இரண்டரைப் பங்கு தண்ணீர் கலந்து பார்த்தோம். பி.எச். 8.6 முதல் 9.0 வரை வந்தது. கரிமச்சத்து 0.1 சதவீதம்கூட இல்லை. மண் பிடித்துவைத்திருக்கும் மெக்னீசியம், கால்சியத்தைப்போல ஆறு மடங்கு. நல்ல மண்ணில் இது தலைகீழாக இருக்கும், கால்சியம்தான் கூடுதல்.

வடகிழக்கு மூலை தனிக் கதை. அங்கே மண்வெட்டி போட்டால் சிமெண்ட் தரையில் பட்டதுபோல் டங்கென்று கேட்கிறது. ஒரு சாண் கனத்துக்கு வெள்ளை ஓடு. உடைத்தால் உள்ளே மாவு. யாரோ எப்போதோ சூளைத் தூசியைக் கொட்டியிருக்கிறார்கள். அதன் பி.எச். 10.1. அங்கே எதை நட்டாலும் வேர் வெந்துபோகும். முதல் வாரமே அந்த ஓட்டைப் பெயர்த்து மேட்டின் நடுவில் புதைத்து, மேலே ஒரு மீட்டர் கல்மண் போடவேண்டும். வேலை செய்பவர்களுக்குக் கண்ணாடியும் முகமூடியும் கட்டாயம்.

சுண்ணாம்பு வேண்டாம்

போன கூட்டத்தில் இரண்டு பேர் "சுண்ணாம்பு தெளித்தால் மண் தெளியும்" என்றார்கள். ஏற்காட்டில் பாக்சைட் எடுத்த மேடாக இருந்தால் சரி. அந்தச் செம்மண் அமிலமானது. நம் இடத்தில் அதையே செய்தால் காரத்துக்கு மேல் காரம். நம் குன்றுகளுக்கு சாக் ஹில்ஸ், அதாவது சுண்ணாம்புக் குன்று, என்று வெள்ளைக்காரன் பெயர் வைத்ததில் வந்த குழப்பம் இது. இங்கே சாக் கிடையாது. வெள்ளையாகத் தெரிவது மேக்னசைட், அதாவது மெக்னீசியம் கார்பனேட். டோலமைட்டும் கூடாது, அதிலும் மெக்னீசியம் இருக்கிறது.

அப்புறம், கந்தகம் போட்டு பி.எச்.சை 7-க்குக் கொண்டுவரலாமே என்ற கேள்வி. கணக்கு இடம் கொடுக்காது. 15 செ.மீ. ஆழத்துக்கு ஒரு ஹெக்டேரில் சுமார் 2,200 டன் மண். அதில் ஒரே ஒரு சதவீதம் மேக்னசைட் பொடி இருந்தாலும் 22 டன். அதைக் கரைத்து முடிக்க 8 டன்னுக்கு மேல் கந்தகம் வேண்டும். கல் சிதையச் சிதையப் புதுப் பொடி வந்துகொண்டே இருக்கும். ஆகவே மேடு முழுவதையும் 7-க்கு இறக்கும் எண்ணம் வேண்டாம். மேல் மண்ணிலும் குழியிலும் 8.2-க்குக் கீழே இருந்தால் நாம் தேர்ந்தெடுத்த செடிகள் பிழைக்கும்.

நமக்கு முக்கிய மருந்து ஜிப்சம். ஹெக்டேருக்கு 5 டன் வீதம், சரிவைத் தட்டியபின் வரும் மொத்தம் 2.3 ஹெக்டேருக்குச் சுமார் 12 டன். அதிலிருக்கும் கால்சியம் மெக்னீசியத்தை இடம்பெயர்க்கும். மெக்னீசியம் சல்பேட்டாகக் கரைந்து மழைநீரோடு இறங்கிவிடும். உர ஆலைக் கழிவு ஜிப்சம் வேண்டாம், சுரங்க ஜிப்சமே வாங்குங்கள். கந்தகம் குழிக்கு 100 கிராம் மட்டும். அடியுரமாக சூப்பர் பாஸ்பேட். கால்சியமும் கந்தகமும் அதிலேயே கிடைக்கும். தழைச்சத்துக்கு யூரியாவை விட அம்மோனியம் சல்பேட் நல்லது.

மெக்னீசியத்தைக் கரைத்து இறங்கிவரும் அந்த மழைநீர் உப்பாக இருக்கும். அடிவாரத்தில் வாய்க்காலும் வண்டல் தொட்டியும் கட்டி முடிக்காமல் ஒரு மூட்டை ஜிப்சம்கூட மேட்டில் ஏறக்கூடாது. முதல் இரண்டு மழைக்காலத்தில் தொட்டி நீரைச் சோதித்த பிறகே ஏரிப் பக்கம் திறக்கலாம்.

மேல் மண்: இருப்பது 3,700 கன மீட்டர்

சரிவை 27 டிகிரிக்குத் தட்டி, ஆறு ஆறு மீட்டர் உயரத்தில் இரண்டு படிகள் வெட்டுகிறோம். படி 5 மீட்டர் அகலம், உள்பக்கம் லேசான சாய்வு. இப்படிச் செய்தால் தளம் 0.8, படிகள் 0.3, சரிவு 1.2 ஹெக்டேர். எல்லா இடத்திலும் 30 செ.மீ. போட 6,900 கன மீட்டர் வேண்டும். வயல் மண்ணை வெட்டி வாங்கும் யோசனைக்கு நான் உடன்படமாட்டேன். ஒரு மேட்டை மூட இன்னொரு நிலத்தைக் கெடுப்பது ஆகாது.

இருப்பதைச் சமமாகப் பரப்பினால் 16 செ.மீ. வரும், மரத்துக்குப் போதாது. அதனால் படிகளில் 30 செ.மீ. (900 கன மீட்டர்), தளத்தில் 15 செ.மீ. (1,200), புல் மட்டும் வளரும் சரிவில் 10 செ.மீ. (1,200). குழிகளுக்கு 130 போக மீதி 270, மழை அறுத்த இடத்தை ஒட்டுப்போட.

மண் குவியல் நான்கு மீட்டர் உயரத்தில் ஆறு வருடமாகக் கிடக்கிறது. மேல் ஒரு மீட்டரில் வேரும் புழுவும் இருக்கின்றன. அடியில் தோண்டினால் புளித்த வாடை. குவியலின் அந்த மேல் ஒரு மீட்டர் மண்ணைத் தனியே எடுத்துவைத்துக் கடைசியில், மேல்பூச்சாக இடவேண்டும். பரப்பும் முன் லாரி ஓடி இறுகிய தளத்தை 50 செ.மீ. ஆழம் கீறிவிடுங்கள். பரப்பிய பிறகு எந்த வண்டியும் அதன்மேல் ஏறக்கூடாது.

என்ன நடுவது

பக்கத்துப் பழைய மேட்டில் யாரும் நடாமலே விராலி நிற்கிறது, ஆவாரை பூக்கிறது, உசிலை தலைகாட்டுகிறது. இந்த மண்ணின் மெக்னீசியத்தையும் நிக்கலையும் தாங்கிப் பழகியவை அவை. விதை அங்கிருந்தே எடுப்போம். மாசி, பங்குனியில் நம் ஊர்ப் பெண்கள் சேகரித்துக் கொடுக்கச் சம்மதித்திருக்கிறார்கள். கூடவே வெள்வேல், வேம்பு, இலந்தை. படிகளில் புங்கனும் வாகையும். மூன்று மீட்டர் இடைவெளியில் மொத்தம் 1,300 குழி, குழிக்கு 10 கிலோ மக்கிய தொழுவுரம். சீமைக்கருவேலமும் தைலமரமும் வேண்டவே வேண்டாம்.

சரிவில் ஒவ்வொரு அடுக்கிலும் மூன்று வரிசை வெட்டிவேர், 15 செ.மீ.க்கு ஒன்று, 18,000 நாற்று ஆகும். இடையில் கொழுக்கட்டைப் புல்லும் கொழிஞ்சியும் விதைத்து, மேலே தென்னை நார் வலை விரிக்கவேண்டும்.

காலம்

பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை சரிவு தட்டல், வாய்க்கால், தொட்டி. மே மாதக் கோடை மழையை ஒட்டி ஜிப்சம். ஜூலை முதல் பாதியில் மேல் மண். ஆடியில் புல் விதை. மரக்கன்று புரட்டாசியில், மண் ஒரு முழம் நனைந்த பிறகுதான்; தேதி குறித்துவிட்டோம் என்பதற்காகக் காய்ந்த குழியில் வைக்கவேண்டாம்.

பிறகு

முதல் இரண்டு கோடையிலும் பத்து நாளுக்கு ஒருமுறை கன்றுக்கு 10 லிட்டர் தண்ணீர். நூற்றுக்கு எழுபத்தைந்துக்குக் கீழே பிழைத்தால் அடுத்த புரட்டாசியில் மறுநடவு. இலை மஞ்சளித்து நரம்பு மட்டும் பச்சையாக நின்றால் இரும்புச்சத்துக் குறை, அன்னபேதி தெளிக்கலாம். பி.எச்., கால்சியம், மெக்னீசியம் சோதனை 1, 2, 3, 5-ஆம் ஆண்டுகளில்.

மேய்ச்சல் பற்றிக் கிராமக் குழு கேட்டது நியாயமான கேள்வி. சுரங்கம் எடுத்த நிலத்தில் தீவனமும் செடிகொடியும் வளரும்படி புல் வளர்க்கவேண்டும் என்று 2020 ஜனவரியில் உச்ச நீதிமன்றமே சொல்லியிருக்கிறது. ஆனாலும் மூன்று வருடம் ஆடு ஏறக்கூடாது. நான்காம் வருடம் புல்லை வெட்டி நிக்கல், குரோமியம் சோதித்து, முடிவைப் பஞ்சாயத்துப் பலகையில் ஒட்டிய பிறகே திறப்போம். அதுவரை காவலுக்கு இரண்டு ஆள், நம் ஊரிலிருந்தே, மாதச் சம்பளத்தில். அவர்கள் பெயரைக் குழு பிப்ரவரிக்குள் கொடுத்துவிடவேண்டும்.