தர்ஷினியின் வகுப்பாசிரியருக்கு

சுங்கை சிப்புட்

அன்புள்ள டீச்சர், வணக்கம்.

இரவல் பாடநூல்களைத் திருப்பிக் கொடுக்க வெள்ளிக்கிழமை அவளுடைய அப்பா பள்ளிக்கு வருகிறார். அவரிடமே இந்தக் கடிதத்தையும் கொடுத்து அனுப்புகிறேன். அவர் நேரில் வந்தால் "நன்றி டீச்சர்" என்று சொல்லிவிட்டு மோட்டாரை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவார். மகளுக்கு அந்தச் சுபாவம் எங்கிருந்து வந்தது என்று நீங்களே ஊகித்திருப்பீர்கள்.

வீட்டில் தர்ஷினி வாய் ஓயாமல் பேசுகிறவள். வெளியே போனால் ஒரு சொல் வராது. பாலர் பள்ளியில் ஊமை என்றே சொல்லிவிட்டார்கள். அதைக் கேட்ட பிறகு இன்னும் சுருங்கிப் போனாள். அதனால் 2ஆம் ஆண்டு தொடங்கியபோது எங்களுக்குப் பயமாகத்தான் இருந்தது.

நீங்கள் அவளைப் பேசச் சொல்லி வற்புறுத்தவே இல்லை. பெயர் கூப்பிடும்போது கையைத் தூக்கினால் போதும் என்றீர்களாம். வாசிப்பை வீட்டில் பதிவு செய்து வாட்சாப்பில் அனுப்பச் சொன்னீர்கள். அதைக் கேட்டுவிட்டு மறுநாள் அவள் காதருகே குனிந்து, "அந்த முயல் குரல் நல்லா இருந்துச்சு" என்று சொன்னீர்களாம். அன்று ராத்திரி சாப்பாட்டு நேரம் முழுக்க முயல் குரல்தான்! அப்புறம் பக்கத்தில் உட்காரும் தோழிக்கு மட்டும் வாசித்துக் காட்டினாள். அடுத்து வருகைப் பதிவேட்டை அலுவலகத்துக்குக் கொண்டுபோகும் வேலை கொடுத்தீர்கள். அங்கே இருக்கும் அக்காவிடம் "செலாமாட் பாகி" சொல்லாமல் வர முடியாதே. யோசித்துத்தான் கொடுத்திருப்பீர்கள்.

எனக்கு மிகவும் பிடித்தது இன்னொன்று. கேள்வி கேட்டுவிட்டு நீங்கள் காத்திருப்பீர்களாம். யாரோ ஒரு பையன் "அவ பேச மாட்டா டீச்சர்" என்றபோது, "பேசுவா, நமக்கு என்ன அவசரம்?" என்றீர்களாம். முப்பது பிள்ளைகள் சத்தம் போடும் வகுப்பில் அப்படிக் காத்திருப்பது லேசான காரியமா? வீட்டில் யாராவது கேள்வி கேட்டால் அவளுக்கு முந்திக்கொண்டு பதில் சொல்வது என் பழக்கம். இப்போது நானும் வாயைக் கட்டிக்கொண்டு நிற்கப் பழகுகிறேன்.

திங்கட்கிழமை சபைகூடலில் அவள் திருக்குறள் சொன்னதை எல்லோரும் பாராட்டினார்கள். சந்தோஷம்தான். ஆனால் எங்களுக்குப் பெரிதாகப் பட்டது சிற்றுண்டிச்சாலை விஷயம். முன்பெல்லாம் கொடுத்த 2 வெள்ளி அப்படியே திரும்பி வரும், கேட்டு வாங்கக் கூச்சம். போன மாதம் நாசி லெமாக் கேட்டு வாங்கியிருக்கிறாள். அதுவும், "சம்பல் வேண்டாம், முட்டை மட்டும்" என்று சொல்லி! அவளுடைய அப்பா அதை ஆலையில் எல்லோரிடமும் சொல்லி முடித்துவிட்டார்.

ஒரே ஒரு வேண்டுகோள். 3ஆம் ஆண்டுக்கு வேறு ஆசிரியர் வந்தால், இவளுக்குப் பதில் சொல்லக் கொஞ்சம் நேரம் வேண்டும் என்று அவரிடம் ஒரு வார்த்தை சொல்லி வையுங்கள். நாங்கள் சொல்வதைவிட நீங்கள் சொன்னால் எடுபடும்.

பையில் இருப்பது எங்கள் மாமியார் சுட்ட முறுக்கு. மறுக்காமல் வாங்கிக்கொள்ளுங்கள். விடுமுறையில் நன்றாக ஓய்வெடுங்கள் டீச்சர்.

நன்றியுடன்,
தர்ஷினியின் அம்மா, அப்பா

பி.கு. தர்ஷினியும் ஏதோ சொல்ல வேண்டுமாம். எழுத மாட்டாளாம், குரல் பதிவாக அனுப்புகிறாளாம். கொஞ்சம் நீளமாக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.