பாராட்டு விழாவில் மாணவியின் ஏற்புரை

மதிப்பிற்குரிய தலைமையாசிரியர் அவர்களே, மேடையில் அமர்ந்திருக்கும் சிறப்பு விருந்தினர்களே, என் ஆசிரியப் பெருமக்களே, பெற்றோர்களே, எனக்கு முன்னால் கால் மாற்றி நின்றுகொண்டிருக்கும் தம்பி தங்கைகளே, அனைவருக்கும் வணக்கம்.

ஐந்து நிமிடம்தான் பேச வேண்டும் என்று சொல்லியிருக்கிறார்கள். முடித்துவிடுவேன், கவலைப்படாதீர்கள்.

எனக்குக் கிடைத்திருப்பது இளநிலை வேதியியல் படிப்புக்கான உதவித்தொகை. நான்கு ஆண்டுகளுக்குக் கல்விக் கட்டணம், விடுதி, புத்தகம் எல்லாவற்றையும் அது பார்த்துக்கொள்ளும். ஆண்டுதோறும் மதிப்பெண் குறையாமல் இருக்க வேண்டும், அது ஒன்றுதான் நிபந்தனை. எனக்கு முன் பேசியவர்கள் என் உழைப்பைப் பற்றி நிறையச் சொன்னார்கள். கேட்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால் நேர்முகத் தேர்வில் என்னிடம் கேட்ட கேள்வி ஒன்று: "நீ எதைத் தெரிந்துகொள்ள ஆசைப்படுகிறாய்?" அதற்கு நான் சொன்ன பதில் இந்தப் பள்ளியின் இரண்டு வகுப்புகளிலிருந்து வந்தது. அதைத்தான் இங்கே சொல்லப்போகிறேன்.

பதினொன்றாம் வகுப்பில் அம்மோனியா தயாரிப்புப் பாடம். ஹேபர் முறை. காற்றில் 78 சதவீதம் நைட்ரஜன் இருந்தும் அது லேசில் எதோடும் சேராது, இரண்டு அணுக்களுக்கும் நடுவே மூன்று பிணைப்புகள். அதைப் பிரித்து ஹைட்ரஜனோடு சேர்க்க 400 டிகிரிக்கு மேல் வெப்பமும், வளிமண்டல அழுத்தத்தைப் போல நூற்றைம்பது, இருநூறு மடங்கு அழுத்தமும், இரும்பு வினையூக்கியும் வேண்டும். எங்கள் வேதியியல் சார் இதைச் சமன்பாட்டோடு நிறுத்தவில்லை. ஹேபர் 1909இல் ஒரு சிறிய கருவியில் இதைச் செய்து காட்டியது, பாஷ் என்ற பொறியாளர் அதைத் தொழிற்சாலை அளவுக்குக் கொண்டுவந்தது, 1913இல் ஜெர்மனியில் உற்பத்தி தொடங்கியது, உலகம் உரத்துக்கு அதையே நம்பி இருப்பது என்று கதையாகச் சொன்னார். அதே ஹேபர் 1915இல் போர்க்களத்தில் குளோரின் வாயுவை ஆயுதமாக்கியதையும் சொன்னார். "இது தேர்வுக்கு வராது, ஆனால் தெரிந்திருக்க வேண்டும்" என்றார். உண்மைதான் சார், தேர்வுக்கு வரவில்லை. எனக்கு மறக்கவும் இல்லை.

அதே வாரம் உயிரியல் டீச்சர் ஒரு அவரைச் செடியை மண்ணோடு பிடுங்கிக்கொண்டு வகுப்புக்கு வந்தார். வேரைத் தண்ணீரில் அலசி, அதில் கடுகு போல ஒட்டியிருந்த ஒரு முடிச்சைப் பிளேடால் இரண்டாக வெட்டி, எங்கள் கையில் கொடுத்தார். உள்ளே இளஞ்சிவப்பு. நம் ரத்தத்தில் இருப்பதற்கு உறவான ஒரு புரதம் அங்கே ஆக்சிஜனைக் கட்டுப்படுத்துகிறது, அதனால்தான் அந்த நிறம் என்றார். அந்த முடிச்சுக்குள் இருக்கும் ரைசோபியம் பாக்டீரியா, காற்றில் உள்ள அதே நைட்ரஜனை அம்மோனியாவாக மாற்றிவிடுகிறது. உலையும் இல்லை, அழுத்தக் கலனும் இல்லை. மண்ணின் சூடு போதும்.

அது எப்படி என்று கேட்டேன். டீச்சர் கொஞ்சம் யோசித்துவிட்டு, "நைட்ரஜனேஸ் என்ற நொதி செய்கிறது. எப்படிச் செய்கிறது என்று எனக்கு முழுசாகத் தெரியாது. வா, சாரைக் கேட்போம்" என்று கையோடு அழைத்துப் போனார். ஆசிரியர் அறையில் இருவரும் இடைவேளை முழுக்க வாதம் செய்தார்கள். நான் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். அந்த நொதியின் நடுவில் இரும்பும் மாலிப்டினமும் சேர்ந்த ஒரு சிறு கொத்து இருக்கிறது, அதன் கட்டமைப்பு 1992இல் வெளிவந்தது, ஆனாலும் அது ஒவ்வொரு படியிலும் என்ன செய்கிறது என்பதில் இன்னும் விவாதம் ஓயவில்லை என்பதெல்லாம் அதற்குப் பிறகு நானாகத் தேடிப் படித்தது. "தெரியாது, கேட்போம்" என்று ஓர் ஆசிரியர் மாணவர்கள் முன்னால் சொன்னதால் தேடினேன். டீச்சர், சார், இரண்டு பேருக்கும் என் முதல் நன்றி.

அடுத்து எங்கள் தமிழ் ஐயா. விண்ணப்பக் கட்டுரையை முதலில் அவரிடம்தான் காட்டினேன். "விஞ்ஞானி ஆவது என் சிறுவயதுக் கனவு" என்று தொடங்கியிருந்தேன். சிவப்பு மையில் ஒரே கோடு. "இதை எழுதாத பிள்ளை யாரம்மா? அந்த வேர் முடிச்சைப் பற்றி எழுது" என்றார். எழுதினேன். வேதியியல் படிக்கப் போகிறவளுக்கு எதற்குத் தமிழ் என்று கேட்பவர்களை இனி ஐயாவிடம் அனுப்பிவைக்கிறேன்.

கணக்கில் நான் பின்தங்கியபோது தனியாக உட்கார வைத்துச் சொல்லிக்கொடுத்த கணித ஆசிரியருக்கும், பள்ளி முடிந்த பிறகும் ஆய்வகத்தைத் திறந்து வைத்த உதவியாளர் அண்ணனுக்கும், கடைசி நாளில் சான்றிதழ்களைத் தயார் செய்து கொடுத்த அலுவலக அக்காவுக்கும் நன்றி. அம்மா, அப்பாவுக்கு மைக்கில் சொன்னால் அழுதுவிடுவேன், வீட்டில் சொல்லிக்கொள்கிறேன்.

சரி, இனி என்ன செய்யப் போகிறேன்? முதல் இரண்டு ஆண்டுகள் அடிப்படை வேதியியல். அதில் அவசரம் இல்லை. மூன்றாம் ஆண்டில் உயிர்வேதியியலையும் சேர்த்து எடுக்க வழி இருக்கிறது, எடுப்பேன். அப்புறம் முதுநிலை, முடிந்தால் முனைவர் பட்டம். குறைந்த வெப்பத்தில், குறைந்த அழுத்தத்தில் நைட்ரஜனைப் பிணைக்கும் வினையூக்கிகளைப் பற்றி ஆராய ஆசை. இன்றைய தொழிற்சாலைகள் பெரும்பாலும் இயற்கை எரிவாயுவிலிருந்து ஹைட்ரஜன் எடுக்கின்றன, அதில் கரியமில வாயு நிறைய வெளியேறுகிறது. அதைக் குறைக்கப் பல நாடுகளில் பலர் உழைக்கிறார்கள். அந்த வரிசையின் கடைசியில் போய் நிற்கப் பார்க்கிறேன். நானே கண்டுபிடித்துவிடுவேன் என்று சொல்லவில்லை. படிக்கும்போது வேறொரு கேள்வி இதைவிட இழுத்தால் அதன் பின்னால் போவேன், அதையும் நேர்முகத் தேர்விலேயே சொல்லிவிட்டேன். எதைச் செய்தாலும் கற்பித்தலும் சேர்ந்து இருக்க வேண்டும் என்பதில் மட்டும் மாற்றம் இல்லை.

கடைசியாகப் பன்னிரண்டாம் வகுப்புத் தம்பி தங்கைகளுக்கு ஒரு தகவல். இந்த உதவித்தொகைக்கு விண்ணப்பிக்க முதல் மதிப்பெண் எடுத்திருக்க வேண்டும் என்பது இல்லை. நானும் எடுக்கவில்லை. வருமானச் சான்றிதழுக்கும் ஆசிரியர் பரிந்துரைக் கடிதத்துக்கும்தான் நாள் பிடிக்கும், அவற்றை முதலிலேயே கேட்டு வாங்கிவிடுங்கள். கல்லூரி திறக்கும் வரை சனிக்கிழமை காலையில் நூலகத்தில் இருப்பேன். கட்டுரை எழுதியவர்கள் கொண்டுவாருங்கள், சேர்ந்து பார்ப்போம். சிவப்புப் பேனா ஐயாவிடம் கடன் வாங்கியாகிவிட்டது.

நன்றி, வணக்கம்.