பத்தாம் வகுப்பு – கணிதம் – அலகுத் தேர்வு
எண்களும் தொடர்வரிசைகளும்

நேரம்: 1 மணி
மதிப்பெண்கள்: 25

பகுதி – அ: சரியான விடையைத் தேர்ந்தெடுத்து எழுதுக. (4 × 1 = 4)

1. 3, 7, 11, … என்ற தொடர்வரிசையில் 79 எத்தனையாவது உறுப்பு?
(அ) 18 (ஆ) 19 (இ) 20 (ஈ) 21

2. Sₙ = 2n² + 3n எனில், அக்கூட்டுத்தொடர்வரிசையின் பொது வித்தியாசம்
(அ) 2 (ஆ) 3 (இ) 4 (ஈ) 5

3. x, x + 3, x + 9 ஆகியவை பெருக்குத்தொடர்வரிசை எனில், x =
(அ) 1 (ஆ) 3 (இ) 6 (ஈ) 9

4. a = 5, r = 1 உடைய பெருக்குத்தொடரின் முதல் 12 உறுப்புகளின் கூடுதல்
(அ) 5 (ஆ) 17 (இ) 60 (ஈ) 5¹²

பகுதி – ஆ: அனைத்து வினாக்களுக்கும் விடையளி. (3 × 2 = 6)

5. 7 ஆல் மீதியின்றி வகுபடும் ஈரிலக்க எண்களின் கூடுதல் காண்க.

6. பெருக்குத்தொடர்வரிசையில் அமைந்த மூன்று எண்களின் கூடுதல் 26, பெருக்கற்பலன் 216. அவ்வெண்களைக் காண்க.

7. 5 + 10 + 20 + … என்ற தொடரின் 8 உறுப்புகளின் கூடுதலை ஒரு மாணவர் இப்படிக் கண்டார்:
S₈ = (8/2)[2 × 5 + 7 × 5] = 180
பிழை எங்கே? சரியான விடையையும் எழுதுக.

பகுதி – இ: அனைத்து வினாக்களுக்கும் விடையளி. (3 × 5 = 15)

8. கிணறு வெட்ட இருவர் கூலி சொல்கிறார்கள். முதலாமவர் முதல் மீட்டருக்கு ₹1,500 கேட்கிறார்; பிறகு ஒவ்வொரு மீட்டருக்கும் முந்தைய மீட்டரைவிட ₹250 அதிகம். இரண்டாமவர் எந்த ஆழமானாலும் மீட்டருக்கு ₹3,400.
(i) 16 மீட்டர் ஆழத்துக்கு யாரிடம் கொடுத்தால் லாபம், எவ்வளவு?
(ii) 17 மீட்டர் தோண்ட வேண்டி வந்தால் உன் முடிவு மாறுமா?

9. 16 மீ உயரத்திலிருந்து விழும் ரப்பர் பந்து, ஒவ்வொரு முறையும் தான் விழுந்த உயரத்தின் ¾ பங்கு மேலெழும்புகிறது. ஐந்தாம் முறை தரையைத் தொடும்வரை அது கடந்த மொத்தத் தொலைவு என்ன? (படம் வரைந்துகொண்டு தொடங்குக.)

10. (அ) தையல் இயந்திரம் வாங்க ஒருவர் முதல் மாதம் ₹200, அடுத்தடுத்த மாதங்களில் ₹20 கூட்டிச் சேமிக்கிறார். ₹7,800 சேர எத்தனை மாதங்களாகும்? கிடைக்கும் இன்னொரு மூலத்தை ஏன் விடுகிறோம்?

(அல்லது)

(ஆ) சதுரங்கப் பலகையின் கட்டங்களில் முறையே 1, 2, 4, 8, … நெல்மணிகள் வைக்கப்படுகின்றன. முதல் 16 கட்டங்களில் உள்ள மொத்த மணிகளைக் காண்க. எந்தக் கட்டத்திலும் இருப்பது, அதற்கு முந்தைய கட்டங்கள் அனைத்தின் கூடுதலைவிட ஒன்று அதிகம் என நிறுவுக.

---

விடைக்குறிப்பு (திருத்தும் ஆசிரியருக்கு)

1. இ  2. இ  3. ஆ  4. இ. இதில் r = 1 என்பதால் na மட்டுமே பொருந்தும்.
5. 728
6. 2, 6, 18. 18, 6, 2 என்றாலும் முழு மதிப்பெண்.
7. பெருக்குத்தொடருக்குக் கூட்டுத்தொடர் சூத்திரம் பயன்பட்டுள்ளது, 1275. பிழையை மட்டும் சொன்னால் 1.
8. ₹54,000, ₹54,400, முதலாமவர், ₹400 லாபம். 17 மீட்டரில் ₹59,500, ₹57,800, முடிவு மாறும்.
9. 16 + 2(12 + 9 + 6.75 + 5.0625) = 81.625 மீ. ஏறும் தொலைவை விட்டு 48.8125 எழுதுவோர் பலர் இருப்பர். 2 மதிப்பெண் தரலாம்.
10. (அ) n² + 19n − 780 = 0; 20 மாதங்கள். −39 மாதம் என்பது இல்லை. (ஆ) 65,535; 2ⁿ⁻¹ − (2ⁿ⁻¹ − 1) = 1.