ஒரே சொல், இரண்டு சரங்கள்: பைத்தானில் தமிழ்த் தேடல் ஏன் தவறுகிறது?

பெறுநர்: கட்டற்ற மென்பொருள் மாநாட்டின் நிகழ்ச்சிக் குழு
அமர்வு: உரை, 25 நிமிடம், கேள்விகளுக்கு 5 நிமிடம்
உரையின் மொழி: தமிழ்

சுருக்கம்

நூலகப் பட்டியலில் "கொடி" என்று தேடும் வாசகருக்கு, அந்தச் சொல் தலைப்பிலேயே உள்ள நூல் கிடைக்காமல் போகலாம். திரையில் இரண்டும் ஒன்றாகவே தெரிந்தாலும், யூனிகோடில் "கொ" என்ற எழுத்தை இருவேறு வரிசைகளில் சேமிக்க முடியும் என்பதே காரணம்.

```python
import unicodedata
a = "\u0B95\u0BCA\u0B9F\u0BBF"
b = "\u0B95\u0BC6\u0BBE\u0B9F\u0BBF"
a == b                                # False
unicodedata.normalize("NFC", b) == a  # True
```

இந்தச் சிக்கலை ஒரே வரியில் தீர்த்துவிடலாம். ஆனால் அந்த வரியோடு வேலை முடிந்துவிடுவதில்லை என்பதே இந்த உரையின் மையக் கருத்து. "கௌரி" என்ற பெயரை, ஔகாரக் குறிக்குப் பதிலாக ஒற்றைக் கொம்பையும் ளகரத்தையும் தட்டி, "கெளரி" என உள்ளிடுவோர் பலர். அச்சில் வேறுபாடு அரிதாகவே கண்ணில் படும். NFC இயல்பாக்கமும் இதைத் தொடாது, ஏனெனில் யூனிகோடின் பார்வையில் இரண்டும் முறையான, வெவ்வேறான சரங்கள். "ெள" வரும் இடங்களை எல்லாம் கண்ணை மூடிக்கொண்டு மாற்றினாலோ "தெளிவு", "வெள்ளி" போன்ற சொற்கள் சிதைந்துவிடும். ளகரத்தை அடுத்து உயிர்க்குறியோ புள்ளியோ வந்தால் அதை விட்டுவிடுவது, வராத இடங்களை மட்டும் சொற்பட்டியலோடு ஒப்பிட்டு மனிதர் ஒருவரின் பார்வைக்கு அனுப்புவது என்ற இரண்டடுக்கு முறையை மேடையிலேயே இயக்கிக் காட்டுவேன். உரையின் பெரும்பகுதி இதற்கே செல்லும். முழுதும் தானியங்கியாகத் திருத்துவதைவிட இதுவே பாதுகாப்பானது என்பது என் கருத்து. மாற்றுக் கருத்து உள்ளவர்கள் கேள்வி நேரத்தில் மறுக்கலாம்.

எஞ்சிய நேரத்தில் மேலும் மூன்று இடறல்களைச் சுருக்கமாகக் காட்டுவேன். `len("தமிழ்")` மூன்று எழுத்துக்கு 5 என்று விடை தருவதால், "முருகன்" என்ற பெயரை ஆறு குறியெண்களோடு வெட்டும் படிவம் அதை "முருகன" ஆக்கிவிடுகிறது. `re` தொகுதியின் `\w+` உயிர்க்குறிகளையும் புள்ளியையும் எழுத்தாகக் கருதாததால், "தமிழ்" என்பதை "தம", "ழ" என இரண்டாக உடைக்கிறது. `regex` தொகுதி இதைச் சரியாகக் கையாள்கிறது. யூனிகோடு அட்டவணையில் ன, ற, ழ ஆகியவை தமிழ் நெடுங்கணக்கின் வரிசையில் இல்லாததால், சாதாரண `sorted()` "அப்பா"வுக்கு முன்பாக "அன்பு" என்ற சொல்லை வைக்கிறது; இதற்கு PyICU வழங்கும் அகரவரிசையைப் பயன்படுத்த வேண்டும்.

யாருக்குப் பயன்படும்?

தமிழ்ப் பெயர்களையோ தலைப்புகளையோ தரவுத்தளத்தில் வைத்திருக்கும் நிரலாளர்கள், நூலகப் பணியாளர்கள், தரவுத் தூய்மைப் பணியில் உள்ளோர் ஆகியோருக்காக இவ்வுரை திட்டமிடப்பட்டுள்ளது. பைத்தானில் ஒரு செயற்கூறு எழுதத் தெரிந்திருந்தால் போதும். யூனிகோடு பற்றிய முன்னறிவு தேவையில்லை. உரை முடிந்ததும், தங்கள் தரவில் இத்தகைய இரட்டைப் பதிவுகள் உள்ளனவா என்று அன்றைக்கே சோதிக்கும் சிறு நிரலோடும், எந்தத் திருத்தத்தைக் கணினியிடம் விடலாம், எதை விடக்கூடாது என்ற தெளிவோடும் அவர்கள் செல்வார்கள். இயந்திரக் கற்றல், பேச்சறிதல் ஆகியவற்றை எதிர்பார்த்து வருவோருக்கு இது ஏற்ற அமர்வு அன்று என்பதை நிகழ்ச்சி நிரலிலேயே குறிப்பிட்டுவிட வேண்டுகிறேன்.

உரையாளர்

முதற்கட்ட மதிப்பீடு பெயர் நீக்கி நடைபெறுவதால், என் பெயரையும் பணியிடத்தையும் இங்கே தவிர்த்துள்ளேன். திருநெல்வேலிப் பகுதியில் உள்ள ஒரு கல்லூரி நூலகத்தின் கோஹா பட்டியலை ஆறு ஆண்டுகளாகப் பராமரித்து வருகிறேன். பழைய எழுத்துருக் குறியாக்கங்களில் இருந்த நூற்பதிவுகளை யூனிகோடுக்கு மாற்றும் பணியை அங்கே நானே வடிவமைத்துச் செய்தேன். மேலே கூறிய "கெளரி" வகைச் சிக்கல்கள் பெரும்பாலும் அப்பணியின்போது எதிர்ப்பட்டவையே. இதே பொருளின் சுருக்க வடிவத்தை எங்கள் ஊர் லினக்ஸ் பயனர் கூட்டத்தில் வழங்கியிருக்கிறேன். அங்கு எழுந்த கேள்விகளை வைத்தே அகரவரிசைப் பகுதியைச் சேர்த்தேன். நான் மொழியியலாளர் அல்லேன். இலக்கண விளக்கங்களுக்குள் செல்லாமல், நிரலும் தரவும் சந்திக்கும் இடத்தோடு நிறுத்திக்கொள்வேன்.

தேவைகள்

செயல்விளக்கம் முழுவதும் என் மடிக்கணினியிலேயே இயங்குவதால் இணைய இணைப்பு வேண்டாம். எச்டிஎம்ஐ இணைப்புள்ள ஒளிப்படக்காட்டி போதும். "கௌ", "கெள" வேறுபாடு பின்வரிசைக்கும் தெரிய வேண்டுமென்பதால், அமர்வுக்கு முன் பத்து நிமிடம் எழுத்துரு அளவைச் சோதித்துப் பார்க்க அரங்கைத் தந்து உதவுமாறு கேட்டுக்கொள்கிறேன். தேர்வு செய்யப்பட்டால், படவில்லைகளையும் நிரலையும் மாநாட்டுக்கு ஒரு வாரம் முன்பாகக் கட்டற்ற உரிமத்தில் ஒப்படைப்பேன். நூலகப் பயனர்களின் பெயர்கள் எவையும் அவற்றில் இடம்பெறா.