மல்லேஸ்வரம் கல்யாணம்: வெளியூர்ச் சொந்தங்களுக்கான சுருக்கப் பதிவு (17 நிமிடம் 30 வினாடி)

விசா கிடைக்காமலும் லீவு கிடைக்காமலும் வர முடியாமல் போன அத்தைகள், சித்தப்பாக்கள், அண்ணா மன்னிகள் எல்லோருக்கும் நமஸ்காரம். நேரத்தைத் தொட்டால் நேரே அந்த இடத்துக்குப் போகும். வாட்ஸப்புக்குள்ளேயே ஓடினால் இந்த நேரங்கள் தெரியாது. யூடியூப் ஆப்பில் திறந்துகொள்ளுங்கள்.

0:00 ஜானவாசம், நிச்சயதார்த்தம்
2:05 விரதம்
2:50 காசி யாத்திரை (குடை, விசிறி, தடியோடு மாப்பிள்ளை, சமாதானம் பேசுவது பெண்ணின் அப்பா)
4:15 மாலை மாற்றல்
5:30 ஊஞ்சல் (பாடுவது பெரியம்மாவும் மைசூர் அத்தையும், பச்சைப்பிடி சுற்றுவதும் இதில்தான்)
7:40 கன்னிகாதானம்
9:10 கூறைப்புடவை, மாங்கல்ய தாரணம்
11:05 சப்தபதி, அம்மி மிதித்தல்
12:40 பொரியிடுதல்
13:30 நலங்கு
15:20 பந்தி, ஒப்பட்டு, வழியனுப்பு

9:48-ல் கெட்டிமேளம் சட்டென்று உரக்க எழும். ஹெட்போனில் கேட்கும் பெரியவர்கள் முன்கூட்டியே சத்தத்தைக் குறைத்துவிடுங்கள். முதல் முடிச்சு மாப்பிள்ளை, மற்ற இரண்டும் நாத்தனார். அந்தக் கைகள் நன்றாகத் தெரிய வேண்டும் என்று அந்த இடத்தை மட்டும் வெட்டாமல் முழுதாக வைத்திருக்கிறோம்.

கன்னிகாதானத்தில் 8:02 முதல் 8:40 வரை மந்திரக் குரலுக்குப் பதில் நாதஸ்வரம் கேட்கும். பழுது இல்லை. இரு வீட்டு மூன்று தலைமுறைப் பெயர்களும் கோத்திரமும் அங்கே சொல்லப்படுகின்றன. தாய்வழிக் குடும்பப் பெயரைச் சில வங்கிகள் அடையாளக் கேள்வியாகக் கேட்பதால் எடுத்துவிட்டோம். தலைப்பில் மணமக்கள் பெயரும் மண்டபத்தின் பெயரும் இல்லாததற்கும் இதே காரணம்தான். பத்திரிகையில் இருந்த போன் நம்பர், கார் நம்பர், மொய் நோட்டு மங்கலாக்கப்பட்டுள்ளன. குழந்தைகள் ஆடியது இதில் இல்லை. அந்தந்தப் பெற்றோருக்குத் தனியாக அனுப்புகிறோம்.

இது 'அன்லிஸ்டட்' பதிவு: தேடினால் வராது, ஆனால் லிங்க் கையில் இருக்கும் யாரும் பார்க்கலாம். 'பிரைவேட்' ஆக்கினால் ஒவ்வொருவரும் கூகுள் கணக்கில் நுழைந்துதான் பார்க்க முடியும். பாட்டிகளுக்கு அது நடக்காது. ஆகவே லிங்க்தான் சாவி. ஃபேஸ்புக்கிலோ அபார்ட்மென்ட் குழுவிலோ போடாதீர்கள். பொதுவில் தெரியும் பிளேலிஸ்டிலும் சேர்க்காதீர்கள். அதைப் பார்க்கிறவர்கள் கண்ணில் இதுவும் படும். கருத்துப் பகுதியை மூடிவிட்டோம். ஆசீர்வாதத்தைக் குடும்பக் குழுவில் குரல் பதிவாக அனுப்பினால் மணமக்கள் கேட்பார்கள்.

உங்கள் முகமோ வீட்டுக் குழந்தை முகமோ வேண்டாம் என்றால் நிமிடம், வினாடி குறித்து அதே குழுவில் சொல்லுங்கள். காரணம் சொல்லத் தேவையில்லை. வெட்டாமல் மங்கலாக்குவோம், வெட்டினால் மேலே உள்ள நேரங்கள் எல்லாம் நகர்ந்துவிடும். லிங்க் மாறாது, ஆனால் மாற்றம் தெரியச் சில மணி நேரம் பிடிக்கும்.

டிவியில் பார்க்க அங்கே தேடிப் பயனில்லை. போனில் திறந்து 'காஸ்ட்' குறியைத் தொடுங்கள். படம் மங்கினால் பல்சக்கரக் குறியில் 1080p தேர்ந்தெடுங்கள். சினிமாப் பாட்டு எதுவும் சேர்க்கவில்லை. பதிப்புரிமையால் சில நாடுகளில் படமே ஓடாமல் போகும். முழுப் பதிவு பென் டிரைவில், அடுத்து ஊருக்கு வருகிறவர்கள் கையில் கொடுத்தனுப்புகிறோம்.

பெண் வீட்டாரும் பிள்ளை வீட்டாரும், பெங்களூரு