பனை ஓலை நீத்துப்பெட்டி: புட்டு அவிக்க, யாழ்ப்பாணத்தில் கையால் இழைத்தது

குழல் புட்டு ஒரு ருசி, நீத்துப்பெட்டிப் புட்டு இன்னொரு ருசி. சூடான ஓலையின் மணம் மாவில் ஏறுவது இதில்தான். அரிசி மா, குரக்கன் மா, ஒடியல் மா எதுவானாலும் சரி, மேலதிக ஈரம் ஓலை இடுக்குகளால் வெளியேறிவிடுவதால் புட்டு பொலபொலவென்று உதிரும். புட்டுப் பெட்டி, ஓலைப் பெட்டி என்று தேடி வந்தவர்களும் சரியான இடத்துக்குத்தான் வந்திருக்கிறீர்கள்.

வடமராட்சிப் பக்கத்துப் பெண்கள் வீட்டிலிருந்தே இழைத்துத் தருகிறார்கள். குருத்தோலையை வெயிலில் காயவைத்து, ஈர்க்கு நீக்கி, ஒரே அகலத்தில் வார்ந்து, தண்ணீர் தெளித்துப் பதமாக்கிப் பின்னுவது அவர்கள் வழக்கம். கூம்பின் நுனியிலிருந்து தொடங்கி மேலே விரித்துக்கொண்டு வருவார்கள். விளிம்புக்கு மட்டும் இன்னொரு ஓலை வைத்து நாரால் பொத்துவார்கள். பானையில் இறுக்கமாக உட்கார்வது அந்த விளிம்பால்தான், அதனால் வாங்கும்போது நாங்கள் முதலில் தடவிப் பார்ப்பதும் அதைத்தான். சாயமோ வார்னிஷோ பூசுவதில்லை. நிறம் பெட்டிக்குப் பெட்டி சற்று மாறும், படத்தில் இருப்பதைவிட உங்களுடையது கொஞ்சம் வெளிறியோ பழுப்பாகவோ இருக்கலாம்.

இரண்டு அளவு உண்டு. சிறியது இரண்டு பேருக்குக் காணும், வாய் அகலம் 16 சென்ரிமீற்றர், விலை 750 ரூபாய். பெரியது நாலைந்து பேர் உள்ள வீட்டுக்கு, வாய் அகலம் 22 சென்ரிமீற்றர், விலை 1,100 ரூபாய். ஓடர் போடுமுன் வீட்டுப் பானையின் வாயை அளந்து பாருங்கள்: பெட்டியின் வாயைவிடப் பானையின் வாய் சற்றுச் சிறிதாக இருக்க வேண்டும். அகலம் கூடினால் பெட்டி உள்ளே இறங்கி, நுனி தண்ணீரில் பட்டுப் புட்டு களியாகிவிடும். காஸ் அடுப்பில் தாராளமாகப் பாவிக்கலாம், நெருப்பு பானையின் பக்கத்தால் மேலேறி ஓலையைத் தொடாத அளவுக்குக் குறைத்து வையுங்கள்.

முதல்முறை வெந்நீரில் ஊறவிட்டு, வெறும் பெட்டியை ஒருதரம் ஆவியில் வையுங்கள். பச்சை ஓலை வாடை போய்விடும். பிறகு ஒவ்வொரு முறையும் தண்ணீரில் அலசி, காற்றாடத் தொங்கவிட்டால் போதும், சவர்க்காரம் வேண்டாம். கொழும்பு மழைக்கு இது முக்கியம்: ஈரத்தோடு அலுமாரிக்குள் வைத்தால் பூஞ்சணம் பிடிக்கும். லேசாகப் பிடித்தால் கழுவி நல்ல வெயிலில் காயவிடுங்கள். ஓலைக்குள் கறுத்துப்போனால் மாற்றிவிடுவதே நல்லது.

வெள்ளவத்தை, பம்பலப்பிட்டி, தெஹிவளை, கொட்டாஞ்சேனைப் பகுதிகளுக்கு மறுநாளே டெலிவரி, பொருளைக் கையில் வாங்கிய பிறகு காசு தரலாம். வெளிமாவட்டங்களுக்குக் கூரியரில் அனுப்புவோம்; நசுங்காமல் இருக்கப் பெட்டிக்குள் பழைய பேப்பர் அடைத்திருக்கும், எடுத்துவிட்டுப் பாவியுங்கள்.